பேக்கப் எடுத்தால் போதுமா? திரும்ப வருகிறதா என்று சோதிப்பது எப்படி?

மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையதளங்களில் ஒன்று கிட்லேப். 2017 ஜனவரி 31 அன்று, கிரீன்விச் நேரப்படி இரவு 11 மணி அளவில், அதன் பொறியாளர் ஒருவர் டேட்டாபேஸ் கோளாறு ஒன்றைச் சரிசெய்து கொண்டிருந்தார். துணை சர்வரில் இருந்த பழைய தகவல்களை அழித்துவிட்டு, முதன்மை சர்வரிலிருந்து புதிதாக நகலெடுப்பது திட்டம். அழிக்கும் கட்டளையை அவர் கொடுத்த இடம் முதன்மை சர்வர். ஓரிரு நொடிகளில் தவறு புரிந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தகவலில் 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியிருந்தது.

இந்த மாதிரி தவறு எந்த நிறுவனத்திலும் நடக்கக்கூடியதுதான். அதற்காகத்தானே பேக்கப்? கிட்லேப்பிடமும் பேக்கப் இருந்தது. ஒன்றல்ல, பல வகை. ஆனால் எடுக்கப் போனபோதுதான் நிலவரம் தெரிந்தது. தினமும் டேட்டாபேஸை நகலெடுத்து இணையச் சேமிப்பகத்தில் போடவேண்டிய ஏற்பாடு வேலையே செய்யவில்லை. அந்த இடம் காலியாக இருந்தது. இன்னொரு வகையான டிஸ்க் நகல், டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் போடப்படவே இல்லை. கடைசியில் கைகொடுத்தது, வேறொரு சோதனைக்காக அதே பொறியாளர் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகல். அதை மெதுவான டிஸ்க்கிலிருந்து திரும்பக் கொண்டுவர சுமார் 18 மணி நேரம் ஆனது. அன்று மாலை 5.20-க்குப் பிறகு பயனர்கள் பதிவுசெய்த பல ஆயிரம் விவரங்கள் திரும்ப வரவில்லை.

பேக்கப் ஏன் காலியாக இருந்தது?

கிட்லேப் பின்னர் வெளியிட்ட விளக்க அறிக்கையில் இதற்கான காரணம் விரிவாக இருக்கிறது. அவர்களின் டேட்டாபேஸ் 9.6 பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நகலெடுக்கும் `pg_dump` என்ற கருவியோ 9.2 பதிப்பில் இயங்கியது. இரண்டும் பொருந்தாததால், ஒவ்வொரு முறையும் நகலெடுப்பு தொடங்கியவுடன் பிழை காட்டி நின்றுவிட்டது.

பிழை வந்தால் பொறியாளர்களுக்கு இமெயில் போகும்படி ஏற்பாடு இருந்தது. இமெயிலும் அனுப்பப்பட்டது. ஆனால், அனுப்புநரைச் சரிபார்க்கும் அமைப்பில் இருந்த ஒரு குறையால், பெறும் பக்கத்தில் அந்த இமெயில்கள் நிராகரிக்கப்பட்டன. ஆக, நகலெடுப்பு தோற்றது. தோற்றது என்ற செய்தியும் யார் கைக்கும் சேரவில்லை. எந்தப் புகாரும் வராததால் எல்லாம் சரியாக நடப்பதாகவே தோன்றியது.

அந்த அறிக்கையில் இன்னொரு கேள்வியும் உண்டு. பேக்கப்பைத் திரும்ப எடுத்துப் பார்க்கும் சோதனை ஏன் முறையாக நடக்கவில்லை? அந்த வேலைக்கு யாரும் பொறுப்பாக இல்லை என்பதே அவர்கள் தந்த பதில். பேக்கப் எடுப்பதற்குக் கருவி இருந்தது. திரும்ப எடுத்துப் பார்க்க ஒரு ஆள், ஒரு தேதி, ஒரு குறிப்பு இல்லை.

ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தின் கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கணக்கு மென்பொருளும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கும் வைத்திருக்கும் கடையிலும் இதே வரிசையில்தான் தவறு நடக்கிறது. "பேக்கப் எடுத்தாச்சு" என்று திரையில் வரும் செய்தி, சொன்ன வேலையை மென்பொருள் முடித்தது என்று மட்டுமே சொல்கிறது. சரியான ஃபோல்டரை எடுத்ததா, எடுத்தது திறக்குமா, இன்னொரு கணினியில் ஓடுமா என்பதை அது சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, நகலை வேறொரு இடத்தில் திரும்ப வைத்து, திறந்து பார்ப்பது. ஆங்கிலத்தில் இதை 'ரெஸ்டோர் டெஸ்ட்' என்கிறார்கள்.

ட்ரைவில் இருக்கிறதே, அது போதாதா?

கூகுள் ட்ரைவ், ஒன்ட்ரைவ் போன்றவற்றைப் பலர் பேக்கப் என்றே நினைக்கிறார்கள். கணினியில் உள்ள ஒரு ஃபோல்டரை இவை இணையத்தோடு ஒத்திசைத்து வைத்திருக்கின்றன. இங்கே ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழிகிறது. இங்கே தவறாக மாற்றிச் சேமித்தால், அந்தத் தவறும் அப்படியே அங்கே போகிறது. கூகுள் ட்ரைவில் அழித்த ஃபைல் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். பிறகு தானாகவே நீங்கிவிடும். ஏப்ரலில் அழிந்த ஒரு பட்டியலை ஜூலையில் தேடினால் கிடைக்காது.

இதனால் ட்ரைவ் பயனற்றது என்று ஆகாது. கணினி திருடுபோனால் அதுதான் காப்பாற்றும். ஆனால், தனியாக, தேதி போட்டு எடுத்து வைத்த நகல் ஒன்றும் வேண்டும். இரண்டையும் சோதிக்க வேண்டும்.

ஒரு கடையின் சோதனை

உதாரணத்துக்கு ஒரு மொத்த வியாபாரக் கடையை எடுத்துக்கொள்வோம். ஒரு கணினி. அதில் கணக்கு மென்பொருள், கொள்முதல் பில்களை ஸ்கேன் செய்து வைத்த ஃபோல்டர், யார் யார் எவ்வளவு பாக்கி என்று எக்செல்லில் போட்ட பட்டியல். தினமும் இரவு 9 மணிக்கு ஒரு பேக்கப் மென்பொருள் இவற்றை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுக்கிறது. காலையில் திரையில் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று பச்சை நிறத்தில் வருகிறது. உரிமையாளரிடம் கேட்டால், "அதான் தினமும் எடுக்குதே" என்பார்.

முதல் சோதனையை 2025 ஜூலை 5, சனிக்கிழமை வைத்துக்கொள்கிறார்கள். ஆனால், வேலை அதற்கு முந்தைய இரவே தொடங்கிவிடுகிறது. பேக்கப் ஓடுவதற்குச் சற்று முன்பு, ஓடிக்கொண்டிருக்கும் கணக்கிலிருந்து நான்கு விவரங்களை நோட்டில் எழுதி வைக்கிறார்கள்:

1. கடைசி விற்பனை பில்: எண் 1,412, தேதி ஜூலை 4.
2. அன்றைய ரொக்கக் கையிருப்பு: ₹38,650.
3. ஜூன் மாத மொத்த விற்பனை: ₹21,47,300.
4. ஸ்கேன் ஃபோல்டரில் 4,316 ஃபைல். எக்செல் ஃபோல்டரில் 12 ஃபைல்.

இந்த நான்கையும் முன்கூட்டியே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சனிக்கிழமை கடை திறந்ததும் புது பில்கள் விழத் தொடங்கிவிடும். அப்போது போய் ஒப்பிட்டால், வித்தியாசம் பேக்கப்பின் குறையா, புது பில்களால் வந்ததா என்று சொல்ல முடியாது. விவரங்களும் யோசித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. கடைசி பில் எண், நகல் எவ்வளவு புதியது என்று காட்டும். முடிந்துபோன ஒரு மாதத்தின் மொத்த விற்பனை, நடுவில் எதுவும் விடுபடவில்லை என்று காட்டும். ஃபைல் எண்ணிக்கை, கணக்குக்கு வெளியே உள்ளவையும் வந்துவிட்டன என்று காட்டும்.

சனிக்கிழமை காலை, அதே கணினியில் 'சோதனை' என்று புது ஃபோல்டர் திறந்து, ஹார்டு டிஸ்க்கில் இருந்து கணக்கை அதில் திரும்ப வைக்கிறார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. உண்மையான கணக்கு இருக்கும் ஃபோல்டரையே மீட்கும் இடமாகக் கொடுத்துவிட்டால், பல கணக்கு மென்பொருள்கள் இன்றைய கணக்கின் மேலேயே பழைய நகலை எழுதிவிடும். சோதனையே விபத்தாகிவிடும். அதனால் பொத்தானை அழுத்தும் முன், எந்த ஃபோல்டருக்குப் போகிறது என்பதை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் சரிபார்ப்பது நல்லது.

மீட்டெடுப்பு பிழை எதுவும் இல்லாமல் முடிகிறது. கணக்கும் திறக்கிறது. ஆனால், கடைசி பில் எண் 5,268. தேதி மார்ச் 29.

மூன்று மாதக் கணக்கைக் காணோம். காரணத்தைத் தேடியபோது விஷயம் புரிகிறது. மார்ச் 30 ஞாயிற்றுக்கிழமை, புது நிதியாண்டுக்கு முன்பு, கணக்கை வேகமான புது டிஸ்க்குக்கு மாற்றியிருக்கிறார்கள். அதுவரை D: டிரைவில் இருந்த கணக்கு E: டிரைவுக்குப் போய்விட்டது. பழைய நகலை D:-யில் அப்படியே விட்டுவிட்டார்கள். பேக்கப் மென்பொருளிடம் யாரும் சொல்லவில்லை. அது தினமும் இரவு 9 மணிக்கு D:-யில் கிடக்கும் பழைய கணக்கை நேர்மையாக நகலெடுத்து, 'வெற்றி' என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மூன்று மாதத்தில் டிஸ்க் கெட்டுப்போயிருந்தால், ஆயிரத்து நானூறு பில்களையும் காகிதத்தைப் பார்த்து மறுபடி ஏற்ற வேண்டியிருந்திருக்கும்.

கடைசி பில் சரி, எக்செல் எங்கே?

பேக்கப் அமைப்பில் E: டிரைவைக் காட்டி, சனிக்கிழமை இரவு மறுபடி ஓடவிடுகிறார்கள். மறு சோதனை ஜூலை 7, திங்கள்கிழமை. இந்த முறை கடைக் கணினியில் செய்யாமல், உரிமையாளர் வீட்டு லேப்டாப்பில் மீட்கிறார்கள். கடைசி பில் 1,431. சனிக்கிழமை இரவு நோட்டில் எழுதியதும் அதேதான். ரொக்கமும் ஜூன் விற்பனையும் ரூபாய் பிசகாமல் ஒத்துப்போகின்றன. எக்செல் ஃபோல்டரில் 12 ஃபைல், அதுவும் சரி.

ஆனால், அந்த 12-ல் பாக்கிப் பட்டியலைச் சொடுக்கினால் திறக்கவில்லை. அதன் அளவு வெறும் 2 கேபி. உற்றுப் பார்த்தால், அது ஃபைலே அல்ல; குறுக்குவழி ஐகான், அதாவது ஷார்ட்கட். உண்மையான பட்டியல் கடைக் கணினியின் டெஸ்க்டாப்பில் இருக்கிறது. டெஸ்க்டாப் பேக்கப்பில் சேர்க்கப்படவே இல்லை.

இந்தக் குறையை முதல் சோதனை காட்டியிருக்காது. கடைக் கணினியிலேயே மீட்டு அந்த ஷார்ட்கட்டைச் சொடுக்கினால், அது டெஸ்க்டாப்பில் உள்ள உண்மை ஃபைலைத் திறந்து காட்டும். பார்ப்பவர், மீட்ட நகல்தான் திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். கடைக் கணினியே இல்லாமல் போகும் நாளில்தான் உண்மை தெரியும். அதனால்தான் வருடத்துக்கு ஒருமுறையாவது, அந்தத் தகவலை இதுவரை பார்த்திராத ஒரு கணினியில் மீட்டுப் பார்க்க வேண்டும். கணக்கு மென்பொருளை அங்கே நிறுவ முடிகிறதா, உரிமம் அனுமதிக்கிறதா, பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்பதும் அப்போது தெரிந்துவிடும். பழைய கணினியில் பாஸ்வேர்டு சேமிக்கப்பட்டிருக்கும். யாரும் தட்டச்சு செய்து வருடக்கணக்கில் ஆகியிருக்கும். புதுக் கணினி முதலில் கேட்பதே அதைத்தான்.

திறக்கிறது, ஆனால் அதே ஃபைல்தானா?

ஃபைல் எண்ணிக்கை ஒத்துப்போனால் மட்டும் போதாது என்பதை அந்த ஷார்ட்கட் காட்டிவிட்டது. ஆனால், நாலாயிரம் ஃபைலையும் திறந்து பார்க்க முடியாது. மூன்றைத் தேர்ந்தெடுத்துத் திறந்தால் நடைமுறைக்குப் போதும்: மிகப் பழையது ஒன்று, மிகப் புதியது ஒன்று, அளவில் மிகப் பெரியது ஒன்று. பழையது திறந்தால், பழைய தகவலும் நகலில் இருக்கிறது. புதியது திறந்தால், நகல் நேற்றுவரை வந்திருக்கிறது. பெரிய ஃபைல்தான் பாதியில் அறுந்துபோக வாய்ப்பு அதிகம்; அதுவும் கடைசிப் பக்கம் வரை திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் வேறு வேறு ஃபோல்டரிலிருந்து எடுப்பது நல்லது.

இரண்டு ஃபைலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா என்று பார்க்க, விண்டோஸில் ஒரு கட்டளை இருக்கிறது. கட்டளைத் திரையில் மூல ஃபைலுக்கு ஒருமுறை, மீட்ட ஃபைலுக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும்:

```
certutil -hashfile "E:\Bills\2025-05.pdf" SHA256
certutil -hashfile "C:\Test\Bills\2025-05.pdf" SHA256
```

ஒவ்வொன்றுக்கும் 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு வரி வரும். இரண்டு வரியும் ஒன்றாக இருந்தால், நகல் அசலேதான். வேறாக இருந்தால், எங்கோ மாறியிருக்கிறது. இதற்கு முடிந்துபோன மாதத்தின் ஃபைலைத்தான் எடுக்க வேண்டும். தினமும் திருத்தும் ஃபைலில் வித்தியாசம் வருவது இயல்பு.

இந்தக் கட்டளைக்கு ஒரு வரம்பு உண்டு. மூல ஃபைலே ஏற்கனவே கெட்டுப்போயிருந்தால், கெட்டதும் அதன் நகலும் ஒன்றாகவே இருக்கும், வரிகளும் ஒத்துப்போகும். அதனால் வரிகளை ஒப்பிட்ட பிறகும் திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

கடிகாரத்தையும் பார்க்க வேண்டும்

கிட்லேப்புக்கு நகல் கிடைத்த பிறகும் 18 மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. நகலை எங்கே வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த நேரம் பெரிதும் மாறும். இணையத்தில் 200 ஜிபி பேக்கப் இருக்கிறது, கடையில் 50 எம்பிபிஎஸ் இணைப்பு என்று வைத்துக்கொண்டால், இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் இறக்க சுமார் 9 மணி நேரம் ஆகும். அதாவது, காலையில் டிஸ்க் போனால் அன்றைய வியாபாரம் முழுக்கக் கைப் பில்தான். அதே 200 ஜிபி மேசையில் உள்ள ஹார்டு டிஸ்க்கில் இருந்தால், பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதனால் சோதனை தொடங்கும் நேரத்தையும், கணக்கு திறந்து முதல் பில் போட முடிகிற நேரத்தையும் எழுதி வைக்க வேண்டும். நகல் முடிந்த நேரத்தோடு நிறுத்திவிடக் கூடாது. மென்பொருளை நிறுவ, பாஸ்வேர்டு தேட, பிரின்டரை இணைக்க ஆகும் நேரமும் கடை மூடிக் கிடக்கும் நேரம்தான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

தினமும் சோதிக்கச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். சிறிய அலுவலகத்துக்கு இந்த மூன்று அடுக்கு போதும்.

மாதம் ஒருமுறை, 15 நிமிடம்: முதல் சனிக்கிழமை, மூன்று ஃபைல்களை மட்டும் வேறு ஃபோல்டரில் மீட்டுத் திறந்து பார்ப்பது. பேக்கப்பின் தேதி நேற்றையதுதானா என்று பார்ப்பது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒன்றிரண்டு மணி நேரம்: கணக்கு முழுவதையும் தனி ஃபோல்டரில் மீட்டு, முன்பே எழுதி வைத்த நான்கு விவரங்களோடு ஒப்பிடுவது.

வருடம் ஒருமுறை, அரை நாள்: வேறு கணினியில், வழக்கமாகச் செய்பவர் அல்லாத இன்னொருவர், எழுதி வைத்த குறிப்பை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் மீட்பது. அவர் எங்கே தடுமாறி "இது எங்க இருக்குண்ணே?" என்று கேட்கிறாரோ, அந்த இடத்தில் குறிப்பு போதவில்லை என்று அர்த்தம்.

வருடாந்திரச் சோதனையின்போது பழைய வருடத்தின் நகல் ஒன்றையும் திறந்து பார்ப்பது அவசியம். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளை வைத்திருக்க வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்பு எடுத்த நகலை இன்றைய மென்பொருள் திறக்குமா என்பது அதிகாரி கேட்கும் நாளில் தெரியக் கூடாது.

இவற்றோடு, தேதி பார்க்காமல் உடனே சோதிக்க வேண்டிய நேரங்களும் உண்டு. கணினி அல்லது டிஸ்க் மாற்றியபோது, மென்பொருளைப் புதுப்பித்தபோது, பாஸ்வேர்டு மாற்றியபோது, பேக்கப்பைக் கவனித்துவந்தவர் வேலையை விட்டுப் போனபோது. உதாரணக் கடையில் மார்ச் 30 அன்றே ஒரு சோதனை நடந்திருந்தால், மூன்று மாதம் வெறும் நகலெடுப்பு நடந்திருக்காது. கிட்லேப்பிலும் பிரச்சினை பதிப்பு வேறுபாட்டில்தான் இருந்தது.

நோட்டில் என்ன எழுத வேண்டும்?

பதிவு என்றால் பெரிய படிவம் தேவையில்லை. நாற்பது பக்க நோட்டு போதும். கணினியில் மட்டும் வைத்திருந்தால், கணினி போகும்போது பதிவும் போய்விடும். உதாரணக் கடையின் நோட்டு இப்படி இருக்கும்:

*5-7-2025.* ஜூலை 4 இரவு பேக்கப். மீட்ட இடம்: கடைக் கணினி, 'சோதனை' ஃபோல்டர். எதிர்பார்த்த கடைசி பில் 1,412. வந்தது 5,268 (மார்ச் 29). நேரம்: 35 நிமிடம். முடிவு: தோல்வி. காரணம்: பேக்கப் பழைய D: டிரைவை எடுக்கிறது. செய்தது: E:-க்கு மாற்றியாச்சு. மறு சோதனை: ஜூலை 7. செய்தவர், பார்த்தவர் கையெழுத்து.

*7-7-2025.* ஜூலை 5 இரவு பேக்கப். மீட்ட இடம்: வீட்டு லேப்டாப். கடைசி பில் 1,431, சரி. ரொக்கம், ஜூன் விற்பனை சரி. எக்செல் 12-ல் ஒன்று திறக்கவில்லை (ஷார்ட்கட்). நேரம்: 1 மணி 50 நிமிடம். முடிவு: பாதி. செய்தது: பாக்கிப் பட்டியலை டெஸ்க்டாப்பிலிருந்து எக்செல் ஃபோல்டருக்கு மாற்றியாச்சு. மறு சோதனை: ஜூலை 9.

*9-7-2025.* ஜூலை 8 இரவு பேக்கப். பாக்கிப் பட்டியல் மட்டும், வீட்டு லேப்டாப்பில். திறக்கிறது, கடைசிப் பெயர், கடைசித் தொகை சரி. நேரம்: 10 நிமிடம். முடிவு: வெற்றி. அடுத்த மாதச் சோதனை: ஆகஸ்ட் 2.

இதில் முக்கியமான விதி ஒன்றுதான். 'சரிசெய்தாச்சு' என்று எழுதியதோடு ஒரு தோல்வி முடிவதில்லை. மறு சோதனையில் 'வெற்றி' என்று விழுந்த பிறகே அந்த வரி முடிகிறது. ஜூலை 5-ம் தேதி டிரைவை மாற்றியதோடு நிறுத்தியிருந்தால், ஷார்ட்கட் விவகாரம் வெளியே வந்திருக்காது.

பாஸ்வேர்டை நோட்டில் எழுதக் கூடாது. 'பாஸ்வேர்டு: பீரோவில் ஒட்டிய கவரில்' என்று இருக்கும் இடத்தை மட்டும் குறித்தால் போதும். கவரில் உள்ளதுதான் இப்போதைய பாஸ்வேர்டா என்பதையும் வருடாந்திரச் சோதனை சொல்லிவிடும்.

சோதித்த பிறகு

மீட்ட நகலை அப்படியே விட்டுவைப்பது இன்னொரு தொல்லை. கடைக் கணினியில் ஒரே பெயரில் இரண்டு கணக்கு இருந்தால், அடுத்த நாள் ஒருவர் சோதனைக் கணக்கில் பில் போட்டுவிடுவார். மாத முடிவில் கணக்கு இடிக்கும். எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க நாள்கணக்கில் ஆகும். வீட்டு லேப்டாப்பில் விட்டால், வாடிக்கையாளர்களின் போன் நம்பரும் பாக்கித் தொகையும் கடைக்கு வெளியே கிடக்கும். அதனால் நோட்டில் எழுதி முடித்ததும், சோதனை ஃபோல்டரை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும். அழிக்கும் முன் ஃபோல்டரின் பெயரை இன்னொருவர் ஒருமுறை பார்ப்பது நல்லது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். எப்போதும் கணினியோடு இணைந்தே இருந்தால், கணினியைப் பூட்டும் ரேன்சம்வேர் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

ஒரு சோதனை எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் தராது. ஜூலை 8-ம் தேதி நகல் நன்றாக இருந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது; நாளை எடுக்கும் நகலைப் பற்றிச் சொல்லாது. கடையும் ஹார்டு டிஸ்க்கும் ஒரே அறையில் இருந்தால், தீயோ வெள்ளமோ வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அதற்கு இன்னொரு நகல் வேறு இடத்தில் வேண்டும். அந்த நகலுக்கும் நோட்டில் ஒரு வரி வேண்டும்.

இதுவரை ஒருமுறைகூடச் சோதித்ததில்லை என்றால், முழுக் கணக்கில் தொடங்க வேண்டியதில்லை. மிக முக்கியமான ஒரே ஒரு ஃபைலை, பேக்கப்பிலிருந்து வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து, அதில் உள்ள கடைசித் தேதியைப் பார்த்தால் போதும். பத்து நிமிட வேலை. அந்தத் தேதி நேற்றையதாக இருந்தால், நோட்டின் முதல் வரியை எழுதிவிடலாம். பழையதாக இருந்தால், பேக்கப் மென்பொருளில் எந்த ஃபோல்டர் குறிக்கப்பட்டிருக்கிறது என்று அன்றே பார்க்க வேண்டும்.